வெல்லமும் தேனும் பல்லுக்கு நல்லவையா?



பல் மருத்துவப் பகுதிக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து நோயாளிகளோடு பேசிக்கொண்டிருப்பது என் வழக்கம். சில மாதங்களுக்கு முன்பு உத்திரமேரூருக்கு அருகேயுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு ஆயா தன் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையனுக்கு மூன்றரை வயது. மேல்வரிசையின் முன்பற்கள் நான்கும் பழுப்பு நிறத்தில் கரைந்து, பாதிப் பல்லாக நின்றன. இரண்டு இரவாகப் பிள்ளை தூங்கவில்லை. ஈறு வீங்கி, உதடும் தடித்திருந்தது.

நமது பல் மருத்துவர் அம்மா வாயைப் பார்த்துவிட்டு, "ஆயா, பிள்ளைக்கு இனிப்பு நிறைய குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டாக்டரம்மா, இந்தப் பிள்ளை வாயில வெள்ளைச் சக்கரை பட்டதே இல்ல. எங்க வீட்டுல எல்லாம் வெல்லந்தான். ராத்திரிப் பாலுக்கு மட்டும் தேன். பூச்சி எப்பிடி வந்துச்சுன்னு எனக்கே தெரியல" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. வெள்ளைச் சர்க்கரைதான் கெட்டது, வெல்லமும் தேனும் இயற்கையானவை, அவை பல்லை ஒன்றும் செய்யாது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். நானும் அறுபது வயதுவரை அப்படித்தான் நம்பியிருந்தேன். அன்று அந்த ஆயாவுக்கு மருத்துவர் விளக்கிய காரியத்தையும், பின்பு நான் அவரிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, பூச்சி என்று எதுவும் இல்லை. பல்லின்மேல் வழவழப்பாக ஒரு படலம் எப்போதும் படிந்துகொண்டே இருக்கிறது. காலையில் நாக்கால் தடவினால் தெரியும். அதில் கோடிக்கணக்கான நுண்கிருமிகள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவையும் உண்டு, அமிலத்தை வெளியேற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் வெளிப்பூச்சாகிய எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. இதுதான் சொத்தை.

இந்த அமிலம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டீபன் என்பவர் 1940-களில் அளந்து காட்டினார். சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களுக்குள்ளேயே படலத்தில் அமிலம் ஏறிவிடுகிறது. பி.எச். அளவு 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்குகிறது என்பது பொதுவான கணக்கு. பின்பு உமிழ்நீர் ஊறி, அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தில் ஒரு பகுதியைத் திரும்பவும் பல்லில் சேர்க்கிறது. அதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை வேறு எதுவும் வாயில் போடாமல் இருந்தால்தான் பல் தன்னைத் தேற்றிக்கொள்ள முடியும். இந்த அரைமணிக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வெல்லத்துக்கு வருவோம். வெல்லம் என்பது கரும்புச்சாற்றைக் காய்ச்சி, பாகு பதத்தில் அச்சில் வார்த்தது. சாற்றிலிருந்து சர்க்கரையை மட்டும் பிரித்தெடுத்தால் வெள்ளைச் சர்க்கரை. பிரிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கினால் வெல்லம். ஆகவே அதில் கொஞ்சம் இரும்புச் சத்தும் மற்ற தாதுக்களும் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் 100 கிராம் வெல்லத்தில் எழுபது எண்பது கிராமுக்குக் குறையாமல் சுக்ரோஸ்தான். அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். மீதியிலும் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற வேறு சர்க்கரைகள். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் பனங்கற்கண்டும் இந்த விஷயத்தில் வெல்லத்தின் உடன்பிறப்புகளே. நிறத்தைப் பார்த்துக் கிருமி ஏமாறுவதில்லை.

வெல்லம் பல்லுக்கு நல்லது என்ற எண்ணம் வெறும் கட்டுக்கதை என்றும் சொல்லிவிட முடியாது. 1937-ல் தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பர்ன் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை செய்தார்கள். சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரையில் ஊறிய பல், சுத்திகரித்த சர்க்கரையில் ஊறிய பல்லைக் காட்டிலும் குறைவாகக் கரைந்தது. கரும்புச்சாற்றில் இருக்கும் பாஸ்பேட் போன்ற பொருள்கள் பல்லைக் காக்கின்றன என்று அவர்கள் எண்ணினார்கள். ஆனால் அது கண்ணாடிப் பாத்திரத்தில் நடந்தது. வாயில் அப்படியல்ல. உமிழ்நீரில் ஏற்கெனவே பாஸ்பேட் இருக்கிறது. வெல்லத்திலிருந்து வரும் சிறிதளவு, அதோடு வரும் பெருமளவு சுக்ரோஸுக்கு ஈடாக நிற்பதில்லை. பிற்காலத்தில் உணவில் பாஸ்பேட்டைச் சேர்த்து மனிதரிடம் செய்த சோதனைகளும் ஒரே சீரான பலனைத் தரவில்லை.

இன்னொன்றும் உண்டு. சுக்ரோஸைக் கொண்டு கிருமிகள் அமிலத்தோடு ஒரு பசையையும் தயாரிக்கின்றன. அந்தப் பசையால்தான் படலம் தடித்துப் பல்லோடு ஒட்டிக்கொள்கிறது. வெல்லத்தை நம் ஊரில் பிள்ளைகள் எந்த உருவில் உண்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கமர்கட்டு, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரி உருண்டை. எல்லாம் பாகில் பிடித்தவை. பல் இடுக்கில் அப்பி, நாக்கால் துழாவினாலும் எளிதில் வராதவை. டம்ளர் காப்பியில் கரைந்த வெல்லம் விழுங்கியதும் போய்விடும். கமர்கட்டு கால்மணி நேரம் கன்னத்தில் ஒதுங்கியிருக்கும். இரண்டும் ஒரே வெல்லந்தான், ஆனால் பல்லுக்கு ஒன்றல்ல.

தேனைப் பற்றிப் பேசத் தயக்கமாகவே இருக்கிறது. அதற்கு நம் வீடுகளில் அவ்வளவு மரியாதை. பிள்ளை பிறந்தவுடன் பெரியவர் ஒருவர் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுவைக்கும் சேனை வழக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் நடக்கிறது. இதைப் பல்லோடு சம்பந்தமில்லாத ஒரு காரணத்துக்காகவே முதலில் தடுக்கவேண்டியிருக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் சில வேளைகளில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் சிசுவின் குடலில் முளைத்து, உடலைத் தளரச்செய்யும் கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். காய்ச்சினாலும் அந்த வித்துக்கள் எளிதில் சாவதில்லை.

பல்லைப் பொறுத்தமட்டில், 100 கிராம் தேனில் ஏறக்குறைய 38 கிராம் ஃபிரக்டோஸ், 31 கிராம் குளுக்கோஸ், 17 கிராம் தண்ணீர் இருக்கும். சுக்ரோஸ் மிகக் கொஞ்சம். ஆகவே சுக்ரோஸிலிருந்து உண்டாகும் அந்தப் பசை தேனில் குறையும். ஆனால் அமிலம் குறைந்துவிடாது. குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் கிருமிகள் தாராளமாக அமிலமாக்கும். போதாததற்குத் தேனே புளிப்புள்ளது. அதன் பி.எச். பெரும்பாலும் 4-ஐ ஒட்டியிருக்கும்.

"தேன் புண்ணை ஆற்றுகிறதே, கிருமியைக் கொல்கிறதே" என்று ஆயா கேட்டார். நல்ல கேள்வி. புண்ணின்மேல் கெட்டியாகத் தடவி, துணி கட்டி வைத்தால் தேன் கிருமிகளை அடக்கும் என்பது உண்மை. வாயிலோ சில நிமிடங்களில் உமிழ்நீர் அதைக் கலந்து கரைத்துவிடுகிறது. அடக்கும் சக்தி நீர்த்துப்போக, சர்க்கரை மட்டும் படலத்துக்குள் ஊறி நிற்கிறது.

ஃபிரக்டோஸ் பல்லை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு ஃபின்லாந்து நாட்டின் தூர்க்கு நகரில் 1972 முதல் 1974 வரை நடந்த ஆராய்ச்சி ஒன்று விடை தருகிறது. ஏறக்குறைய 125 பேர் மூன்று குழுவாகப் பிரிந்தார்கள். இரண்டு ஆண்டுகள் ஒரு குழுவின் உணவில் இனிப்பெல்லாம் சுக்ரோஸ், இன்னொன்றுக்கு ஃபிரக்டோஸ், மூன்றாவதற்கு சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு. முடிவில் புதிதாகச் சொத்தையான பல்பரப்புகளை எண்ணினார்கள். ஆளுக்குச் சராசரியாக சுக்ரோஸ் குழுவில் 7.2, ஃபிரக்டோஸ் குழுவில் 3.8, சைலிட்டால் குழுவில் 0.0. ஃபிரக்டோஸ் பாதியளவு தீங்கு செய்தது, ஆனால் செய்தது. தேனில் அதோடு குளுக்கோஸும் இருக்கிறது. சைலிட்டால் குழுவுக்குப் பின்னால் வருவேன்.

(இடையில் ஒரு வார்த்தை. கடைகளில் சிவப்பாக விற்கும் தேன் மிட்டாயில் தேன் தேடவேண்டாம். அது சர்க்கரைப் பாகில் ஊறியது.)

அந்தப் பையனின் வீட்டில் வெள்ளைச் சர்க்கரை இல்லாதிருந்தும் பல் ஏன் இப்படிக் கரைந்தது? மருத்துவர் அம்மா என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, பிள்ளையின் ஒரு நாளை ஆயா சொல்லச் சொல்ல எழுதினார். காலை ஆறரைக்கு வெல்லம் போட்ட பால். பத்து மணிக்குக் கமர்கட்டு. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, முடிந்ததும் ஒரு வெல்லக்கட்டி. மூன்று மணிக்குக் கடலை மிட்டாய். நாலரைக்கு நாட்டுச் சர்க்கரை போட்ட பால். ஆறு மணிக்குப் பொரி உருண்டை. ஒன்பது மணிக்குத் தேன் கலந்த பால் புட்டியில். நடு இரவில் அழுதால் மறுபடியும் அதே புட்டி.

எட்டு முறை. ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம் என்று குத்துமதிப்பாக வைத்தாலும் 320 நிமிடம். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலாக அந்தப் பிஞ்சுப் பற்கள் அமிலத்தில் நின்றிருக்கின்றன. இரவுக் கணக்கு இன்னும் மோசம். தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடும். புட்டியின் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி, அங்கேயே மணிக்கணக்கில் கிடக்கும். கீழ் முன்பற்கள் மட்டும் தப்பியிருந்ததற்குக் காரணமும் இதுவே. புட்டி குடிக்கும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்கிறது, உமிழ்நீரும் அதற்கு அடியில்தான் ஊறுகிறது. மேல்வரிசை கெட்டு கீழ்வரிசை நன்றாயிருந்தால், இரவுப் புட்டியைப் பற்றி மருத்துவர் முதலில் விசாரிப்பார்.

அளவைக் காட்டிலும் தடவைதான் முக்கியம் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. அதைச் சொல்லும்போதே மனம் வருந்துகிறது. ஸ்வீடனில் லுண்டு நகருக்கு அருகே விபெஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் 1940-களில் இந்தச் சோதனை நடந்தது. சிலருக்குச் சாப்பாட்டு வேளையில் பானமாகக் கரைத்து ஏராளமான சர்க்கரை கொடுத்தார்கள். சொத்தை அதிகம் கூடவில்லை. வேறு சிலருக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில், பல்லில் ஒட்டும்படிச் செய்த டாஃபிகளை நாளுக்கு 24 வரை கொடுத்தார்கள். அவர்களுடைய பற்கள் நாசமாயின. அந்த ஏழை ஜனங்களிடம் சம்மதம் கேட்கும் எண்ணமே எவருக்கும் வரவில்லை. இன்று அப்படியொரு சோதனையை எவரும் அனுமதிக்கமாட்டார்கள். அவர்கள் பட்ட பாட்டினால் வந்த அறிவை நாம் வீணாக்கக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். ஸ்வீடன் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு மிட்டாயைச் சனிக்கிழமை மட்டும் கொடுக்கும் வழக்கம் அதன்பின்புதான் பரவியது.

"அப்படியானால் சர்க்கரை நோயாளிகள் போடுகிற மாத்திரையைப் பிள்ளைக்கும் போடலாமா?" என்று பையனின் தாயார் அடுத்த தடவை வந்தபோது கேட்டார். மாற்று இனிப்புகள் இரண்டு வகை. சாக்கரின், அஸ்பர்டேம், சுக்ரலோஸ், சீனித்துளசியிலிருந்து எடுக்கும் ஸ்டீவியா ஆகியவை ஒரு சிட்டிகையிலேயே மிகவும் இனிக்கும். கிருமிகள் இவற்றை அமிலமாக்குவதில்லை. சைலிட்டால், சார்பிட்டால் முதலானவை இரண்டாம் வகை. பார்வைக்கும் அளவுக்கும் சர்க்கரை போலவே இருக்கும். சார்பிட்டாலைக் கிருமிகள் மிக மெதுவாகவே புளிக்கவைக்கும், சைலிட்டாலை அதுவும் இல்லை. ஆகவே சொத்தை விஷயத்தில் மட்டும் பார்த்தால் வெல்லம், தேன் இரண்டையும்விட இவை மேல் என்பதில் சந்தேகமில்லை.

தூர்க்குவில் வந்த அந்த 0.0-ஐப் பார்த்துவிட்டு, சைலிட்டால் பல்லுக்கு மருந்தே என்று அநேகர் எழுதினார்கள். அது மிகையான பேச்சு. அந்தக் குழுவினர் சர்க்கரையையே ஏறக்குறைய விட்டுவிட்டார்கள் என்பதை மறக்கக்கூடாது. 2015-ல் காக்ரேன் என்னும் ஆய்வுக் குழு எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, சைலிட்டால் மிட்டாயும் சூயிங்கமும் சொத்தையைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை. கெடுக்காது என்பது ஒன்று, குணமாக்கும் என்பது வேறு. அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு ஆகும். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் கவனிக்கவேண்டும், சைலிட்டால் நாய்க்கு விஷம்.

இன்னும் இரண்டு இடத்தில் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். சர்க்கரை இல்லாத கோலா பானத்தில் சர்க்கரை இல்லை என்பது மெய்தான், ஆனால் பானமே அமிலம். கிருமியின் உதவியில்லாமலே அது எனாமலைத் தேய்க்கும். அடுத்தது, சர்க்கரை சேர்க்கப்படவில்லை என்று பெரிய எழுத்தில் போட்ட பொட்டலங்கள். திருப்பிப் பார்த்தால் சிறிய எழுத்தில் வெல்லம், தேன், பேரீச்சம்பழப் பாகு என்று இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேனையும் பாகுகளையும் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. பிள்ளைக்கு மாத்திரை இனிப்பை நமது மருத்துவர் சிபாரிசு செய்யவில்லை. இனிப்பு ருசி அப்படியே தொடர்ந்தால் பெட்டிக்கடைக்குப் போகும் வயதில் மிட்டாயைத் தேடும் என்பது அவருடைய எண்ணம்.

அவர் சொன்னது இவ்வளவுதான். வெல்லத்தை நிறுத்தவேண்டாம். காலைப் பாலை இட்லியோடும், வெல்லக்கட்டியை மதியச் சோற்றோடும், ஒரு கடலை மிட்டாயை மாலைப் பாலோடும் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு முறை மூன்றாகிவிடும், ஐந்து மணி நேரத்துக்கு மேலாக இருந்தது இரண்டு மணி நேரமாகும். இடையில் பசித்தால் வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு, கொய்யா. இரவில் புட்டியை வாரத்துக்குக் கொஞ்சமாகத் தண்ணீராக்கி, பின்பு நிறுத்திவிடுங்கள். படுக்குமுன் ஃபுளோரைடு உள்ள பற்பசையால் பெரியவர் கையால் தேய்த்துவிடுங்கள். பற்பசைக் குழாயில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம். என்றோ அதற்கு மேலாகவோ போட்டிருக்கவேண்டும். மூன்று வயதுக்குள் அரிசியளவு, அதன்பின் பட்டாணியளவு. பல்பொடியும் வேப்பங்குச்சியும் அழுக்கை எடுக்கும், ஃபுளோரைடு தராது.

நான்கு பற்களில் இரண்டைப் பிடுங்கவேண்டியதாயிற்று. மற்ற இரண்டிலும் சொத்தை மேலும் பரவாதபடி வெள்ளிச் சத்தும் ஃபுளோரைடும் கலந்த மருந்தைத் தடவினார்கள். வலியில்லை, ஊசியில்லை, ஆனால் சொத்தையுள்ள இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். ஆயா அதைப் பார்த்து, "முன்னாடி இருந்ததே தேவலாம் போலிருக்கே" என்றார். கறுத்துக் கெட்டிப்பட்டால் சொத்தை நின்றது என்று அர்த்தம் என மருத்துவர் எடுத்துச் சொன்னபின்பும் அவர் முகம் தெளியவில்லை.

அந்த வீட்டில் ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. அதன் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கும்படி மருத்துவர் ஆயாவுக்குக் கற்றுக்கொடுத்தார். பல்லைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் ஈறை ஒட்டிய இடத்தைப் பார்க்கவேண்டும். சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். குழி விழுமுன் அந்த நிலையில் இனிப்பின் தடவையைக் குறைத்து ஃபுளோரைடு போட்டால் பல் தேறிவிடும். பழுப்பாகிக் குழி விழுந்தபின் தானாகத் திரும்பாது. குழந்தைக்கு இரண்டு பல்லில் மட்டும் கோடு தெரிந்தது.

பையனுக்கு ஆறு வயதாகும்போது பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அநேகர் அதையும் பால் பல் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். அதுதான் நிலைக்கும் பற்களில் முதலாவது. விழுந்தால் வேறு முளைக்காது. அது எட்டிப் பார்த்தவுடன் அழைத்துவரும்படி ஆயாவின் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.